கலர் பண்ணிய முடி ஒரே வாரத்தில் வெளுப்பது ஏன்? உப்புத் தண்ணியும் குறைந்த பிரஷரும் செய்யும் வேலை: பார்லர்களில் சரிசெய்வது எப்படி?

ஆவடியை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டை, பட்டாபிராம், அம்பத்தூர், பூந்தமல்லி என சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் சிறிய பார்லர் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது: "அக்கா, போன வாரம்தானே கலர் பண்ணேன். அதுக்குள்ள வெளுத்துப் போச்சே. முடியும் நார் மாதிரி ஆயிடுச்சு!"

உடனே சந்தேகம் கலர் டியூப் மீது விழும். பிராண்ட் மாற்றுவார்கள், டெவலப்பரை மாற்றுவார்கள். ஆனாலும் புகார் நிற்காது. கலர் கலக்கும் கிண்ணத்தில் எல்லாம் சரியாக இருந்தும், தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் ஹேர் வாஷ் பேசின்தான். அங்கே வரும் தண்ணீர் கடின நீராக இருப்பது ஒரு பிரச்சனை. அது மெல்லிய நூல் போல வருவது இன்னொரு பிரச்சனை. இரண்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வரிசையில் சரிசெய்வது என்று பார்க்கலாம்.

'உப்புத் தண்ணி' என்றால் என்ன?

போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் 'எங்க ஏரியா உப்புத் தண்ணி' என்பது சாதாரணமாகக் காதில் விழும் வார்த்தை. ஆனால் இந்த ஒரே வார்த்தை இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கிறது. வாயில் வைத்தால் கரிக்கும் சாதாரண உப்பு ஒன்று. குழாயிலும் பக்கெட்டிலும் வெள்ளையாகப் படியும் கால்சியம், மெக்னீசியம் இன்னொன்று. இரண்டாவது வகையைத்தான் கடினத்தன்மை, அதாவது ஹார்ட்னஸ் என்கிறார்கள். முடிக்குப் பெரிய தொல்லை தருவது இதுதான்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தின்படி, ஒரு லிட்டர் தண்ணீரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இது குடிப்பதற்கான அளவு. கலர் பண்ணிய முடிக்கு 200 என்பதே அதிகம்தான். குடிக்கப் பாதுகாப்பான தண்ணீர், கலருக்கும் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை.

முடிக்குள் என்ன நடக்கிறது?

கலர் அல்லது பிளீச் செய்யும்போது முடியின் மேல் அடுக்கு திறக்கிறது. டெவலப்பரில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு முடியின் புரதத்தைத் தாக்கும்போது, கால்சியம் ஒட்டிக்கொள்ளக்கூடிய புதிய இடங்கள் உருவாகின்றன. அதனால் கலர் பண்ணாத முடியைவிட, கலர் பண்ணிய முடி கடின நீரில் இருந்து அதிக கால்சியத்தை இழுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை அலசும்போதும் இது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது.

இப்படிச் சேரும் படிவால் இரண்டு விளைவுகள். முதலாவது, முடியின் மேல்பரப்பு சொரசொரப்பாகி வெளிச்சம் சிதறுகிறது. அதனால் நிறம் உள்ளேயே இருந்தாலும் மங்கலாகத் தெரிகிறது. இரண்டாவது, அடுத்த முறை கலர் போடும்போது இந்தப் படிவு குறுக்கே நிற்பதால் நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறாது. நுனியில் ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம் என்று வரும்.

தண்ணீரில் இரும்போ செம்போ இருந்தால் விஷயம் இன்னும் சீரியஸ். இந்த உலோகங்கள் முடியில் தங்கியிருக்கும்போது மேலே பிளீச் போட்டால், பெராக்சைடு கட்டுப்பாடில்லாமல் வேகமாக உடையும். ஃபாயில் வழக்கத்துக்கு மாறாகச் சூடாகும், முடி பொசுங்கியது போல உடையும். ஃபாயிலைத் தொட்டால் சுடுகிறது என்றால், 'நேரம் ஆகட்டும்' என்று காத்திருக்கக் கூடாது. உடனே அலசிவிட வேண்டும்.

அந்த நேரத்தில் ஷவரில் தண்ணீர் நூல் போல வந்தால்? இங்கேதான் இரண்டாவது பிரச்சனை தொடங்குகிறது.

தண்ணீர் மெதுவாக வந்தால் கலருக்கு என்ன?

அலசுவது என்பது வெறும் சுத்தம் செய்யும் வேலை இல்லை. ரசாயன வேலையை நிறுத்துவதும் அதுதான். தண்ணீர் மெதுவாக வந்தால், முதலில் அலசும் பகுதிக்கும் கடைசியில் அலசும் பகுதிக்கும் இடையே பல நிமிட வித்தியாசம் வந்துவிடும். பின்னந்தலையில் பிளீச் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். கழுத்துக்கு மேல் உள்ள முடி மட்டும் ஒரு ஷேடு வெளுப்பாக வருவதற்கு இது ஒரு காரணம். கலரின் மிச்சம் தலையில் தங்கினால் அரிப்பு, எரிச்சலும் வரலாம்.

இன்னொரு ஆபத்து சூடு. பல பார்லர்களில் இருப்பது 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீர் ஓடும்போது இது தண்ணீரின் சூட்டைச் சுமார் 7 டிகிரி மட்டுமே ஏற்றும். சென்னையில் டேங்க் தண்ணீர் 28 டிகிரி என்றால், வெதுவெதுப்பான 35 டிகிரி கிடைக்கும். அதுவே நிமிடத்துக்கு ஒரு லிட்டர்தான் ஓடுகிறது என்றால், அதே கீசர் 40 டிகிரிக்கும் மேல் ஏற்றிவிடும். கீசர் தானாக ஆஃப் ஆகும் வரை கொதிக்கும் தண்ணீர், ஆஃப் ஆனதும் பச்சைத் தண்ணீர் என்று மாறி மாறி வரும். கஸ்டமர் 'சுடுது' என்று துள்ளுவார். சூடான தண்ணீர் புதிதாக ஏறிய நிறத்தையும் கூடுதலாகக் கரைத்துக்கொண்டு போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று சோதனைகள்

செலவு செய்வதற்கு முன் அளந்து பார்ப்பது முக்கியம்.

முதல் சோதனை, ஒரு லிட்டர் மக்கும் போன் ஸ்டாப்வாட்ச்சும். ஹேர் வாஷ் ஷவரை முழுதாகத் திறந்து, ஒரு லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 10 விநாடி என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர், நல்ல ஓட்டம். 20 விநாடி என்றால் நிமிடத்துக்கு 3 லிட்டர், சமாளிக்கலாம். 30 விநாடியைத் தாண்டினால் கலர் வேலைக்குப் போதாது. பிறகு ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, வெறும் ஹோஸில் இதே சோதனையைச் செய்யுங்கள். ஓட்டம் சட்டென்று கூடினால் அடைப்பு ஷவர் தலையில்தான் இருக்கிறது.

இரண்டாவது, கடினத்தன்மை சோதனை. இங்கே பலரும் செய்யும் தவறு, டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்ப்பது. டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும். அதில் கால்சியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. இதற்கு 'ஹார்ட்னஸ் டெஸ்ட் கிட்' என்று கேட்டு வாங்க வேண்டும். தண்ணீரில் கிட்டின் பொடியைப் போட்டால் ஒயின் சிவப்பாகும். பிறகு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரு கட்டத்தில் நீலமாக மாறும். எத்தனை சொட்டு என்பதைக் கிட்டில் கொடுத்திருக்கும் எண்ணால் பெருக்கினால் கடினத்தன்மை தெரிந்துவிடும். துல்லியமான ரிப்போர்ட் வேண்டுமென்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். அப்போது இரும்பின் அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

கிட் இல்லையா? ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, சோப்புக் கட்டியைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை குறைவாகவும், தண்ணீர் பால் போலக் கலங்கியும் இருந்தால் கடின நீர். இதை ஷாம்பு வைத்துச் செய்யக் கூடாது. ஷாம்பு கடின நீரிலும் நுரைக்கும் என்பதால் ஏமாந்துவிடுவீர்கள்.

மூன்றாவது சோதனை, கஸ்டமரின் முடியில். நிறம் மங்கிவிட்டது என்று ஒருவர் வந்தால், உள்பக்கமாக ஒரு சிறு கற்றையை மட்டும் எடுத்து, உலோகத்தையும் கால்சியத்தையும் பிடித்து இழுக்கும் கீலேட்டிங் ஷாம்புவால் கழுவி, கேன் தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். அந்தக் கற்றை மட்டும் பளிச்சென்று ஆனால், நிறம் உள்ளேதான் இருக்கிறது, மேலே இருந்தது படிவு. எந்த மாற்றமும் இல்லையென்றால் நிறம் உண்மையிலேயே கரைந்துபோயிருக்கிறது. முதல் வகைக்கு மறுபடியும் கலர் போடுவது வீண் செலவு.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு மாடி இல்லாத கட்டடம். தெருவைப் பார்த்த கடையில் சிறிய பார்லர். மேலே மொட்டை மாடியில் டேங்க். தினமும் 12 ஹேர் வாஷ் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் கடினத்தன்மை 400. ஒரு லிட்டர் நிரம்ப 35 விநாடி ஆகிறது.

டேங்க் ஷவரைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பிரஷர். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. இந்தக் கட்டடத்தில் உயரம் 3 மீட்டர்தான், எனவே கிடைப்பது 0.3 பார். குழாயில் எந்த அடைப்பும் இல்லாவிட்டாலும் இது குறைவுதான். அடைப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

முதல் படி, காசு செலவில்லாத வேலை. ஷவர் தலையைக் கழற்றி, அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட் கரைத்து ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். பழைய டூத் பிரஷால் தேய்த்தால் ஓட்டைகளில் அடைத்திருக்கும் வெள்ளைப் படிவு உதிர்ந்துவிடும். கீசருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. கரண்ட்டை ஆஃப் செய்துவிட்டு, பிளம்பரை வைத்து அதையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, விஷவாயு வரும்.

இரண்டாவது படி, பிரஷர் பம்ப். அடைப்பை எடுத்த பிறகும் 20 விநாடிக்கு மேல் ஆகிறது என்றால், டேங்க்கில் இருந்து ஹேர் வாஷுக்கு வரும் லைனில் ஒரு சிறிய பூஸ்டர் பம்ப் வைக்கலாம். குழாயைத் திறந்தால் தானாக ஓடி, மூடினால் நிற்கும் வகை, டேங்க் காலியானால் தானாக நிற்கும் வசதியோடு கிடைக்கிறது. இதை டேங்க்குக்குப் பிறகுதான் வைக்க வேண்டும். தெருக் குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிமீறல்.

மூன்றாவது படிதான் சாஃப்ட்னர். இந்த வரிசை முக்கியம். சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகளைத் தாண்டி வர தண்ணீருக்குப் பிரஷர் தேவை. பிரஷரைச் சரிசெய்யாமல் முதலில் சாஃப்ட்னர் வாங்கி மாட்டினால், ஏற்கெனவே மெல்லியதாக வந்த தண்ணீர் இன்னும் குறைந்துவிடும். பலர் 'மெஷின் சரியில்லை' என்று கழற்றிப் போடுவதற்குக் காரணம் இதுதான். டேங்க், பம்ப், மண் வடிகட்டும் ஃபில்டர், சாஃப்ட்னர், அதன் பிறகு கீசரும் ஷவரும் என்பதுதான் சரியான வரிசை.

சாஃப்ட்னருக்கு என்ன அளவு வேண்டும்?

முழு கடைக்கும் போட வேண்டாம். ஹேர் வாஷ் லைனுக்கு மட்டும் போட்டால் போதும். ஒரு வாஷுக்கு 25 லிட்டர் என்றால், 12 வாஷுக்கு 300 லிட்டர். கடினத்தன்மை 400 என்றால், ஒரு நாளில் பிடிக்க வேண்டிய கடினத்தன்மை 120 கிராம்.

ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் வரை பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 10 லிட்டர் ரெசின் உள்ள சாஃப்ட்னர் 500 கிராம் பிடிக்கும், அதாவது 4 நாட்கள் தாங்கும். அதன் பிறகு சுமார் ஒன்றரை கிலோ உப்பைக் கரைத்து உள்ளே விட்டுக் கழுவினால், ரெசின் பிடித்து வைத்த கால்சியத்தை விட்டுவிட்டு மறுபடியும் வேலைக்குத் தயாராகும். அழுக்கு, மண் இல்லாத உப்பாக இருக்க வேண்டும். இப்படிக் கழுவி வரும் உப்புத் தண்ணீரைச் செடிக்கோ மழைநீர் சேகரிப்புக் குழிக்கோ விடக் கூடாது, சாக்கடைக்குத்தான் போக வேண்டும்.

உப்பு போட மறந்தால் சாஃப்ட்னர் வெறும் குழாய்தான். 4 நாட்களுக்கு ஒரு முறை காலண்டரில் குறித்து வையுங்கள். உப்பு போடுவதற்கு முந்தைய நாள் சாஃப்ட்னரில் இருந்து வரும் தண்ணீரைக் கிட்டில் சோதித்துப் பாருங்கள். அன்றே கடினத்தன்மை ஏறியிருந்தால், இடைவெளியைக் குறைக்க வேண்டும். இங்கேயும் டிடிஎஸ் மீட்டர் உதவாது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோடியத்தைக் கொடுக்கிறது. எனவே டிடிஎஸ் ஏறக்குறைய அப்படியே இருக்கும். 'டிடிஎஸ் குறையலையே, ஏமாத்திட்டாங்க' என்று நினைக்கத் தேவையில்லை.

தண்ணீரைப் பிடித்து வைத்தால் மஞ்சளாக மாறுகிறது, பேசினில் பழுப்புக் கறை படிகிறது என்றால் இரும்பு இருக்கிறது. அப்போது சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பு நீக்கும் ஃபில்டர் வேண்டும். இல்லையென்றால் ரெசின் சீக்கிரமே கெட்டுவிடும். ஷவர் முனையில் மாட்டும் சிறிய ஃபில்டர்களை இதற்குப் பதிலாக நம்ப முடியாது. மேலே பார்த்த கணக்குப்படி ஒரு நாளைக்கே 120 கிராம் பிடிக்க வேண்டும். உள்ளங்கை அளவு ஃபில்டரால் அது நடக்காது.

இவ்வளவு செலவு முடியாது என்றால்?

வாடகைக் கடையில் பம்ப், சாஃப்ட்னர் என்று மாட்ட ஓனர் சம்மதிக்காமல் போகலாம். அவர்களுக்கு மலிவான வழி, 20 லிட்டர் வாட்டர் கேன். கலர் கஸ்டமருக்கு மட்டும் இரண்டு இடத்தில் இந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினால் போதும்.

ஒன்று, கலருக்கு முன். கீலேட்டிங் ஷாம்பு போட்டு, பாக்கெட்டில் சொன்ன நேரம் விட்டு, குழாய்த் தண்ணீரில் அலசி, கடைசியாக இரண்டு மூன்று மக் கேன் தண்ணீர் ஊற்ற வேண்டும். கண்டிஷனர் போடாமல் காய வைத்துவிட்டுக் கலர் போடலாம். பிளீச், ஹைலைட்ஸ் வேலை என்றால் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. கீலேட்டிங் ஷாம்புவைக் கலர் போட்ட பிறகு உடனே பயன்படுத்துவதுதான் பெரிய தவறு, அது புது நிறத்தையும் சேர்த்து இழுத்துவிடும்.

இரண்டு, கலருக்குப் பின். குழாய்த் தண்ணீரில் கலர் முழுவதும் போகும் வரை அலசிய பிறகு, கடைசி 5 லிட்டர் வெதுவெதுப்பான கேன் தண்ணீர். முடியில் தங்கிக் காயப்போவது இந்தக் கடைசித் தண்ணீர்தான். அது கடின நீராக இல்லாமல் இருப்பதே பாதி வெற்றி. பிறகு அமிலத் தன்மையுள்ள போஸ்ட்-கலர் கண்டிஷனர் போட்டால், திறந்த மேல் அடுக்கு படிந்து உட்காரும்.

ஒரு கேனில் 4 பேருக்குக் கடைசி அலசல் முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சுத்தமான மொட்டை மாடியில், முதல் மழையை விட்டுவிட்டு அடுத்தடுத்த மழையில் பிடிக்கும் தண்ணீரும் இதற்கு நன்றாக உதவும். மழைநீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட கிடையாது.

பம்ப் வைத்திருக்கும் பார்லரிலும் ஒரு கேனும் மக்கும் கையில் இருப்பது நல்லது. தலையில் பிளீச் இருக்கும்போது கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும். பம்ப்பைச் சுற்றிப் போகும் ஒரு பைபாஸ் வால்வு போடச் சொல்லியிருந்தால், பிரஷர் குறைவாக இருந்தாலும் தண்ணீர் நிற்காது.

கஸ்டமர் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

பார்லரில் எல்லாம் சரியாகச் செய்தாலும், கஸ்டமர் வீட்டிலும் அதே போர்வெல் தண்ணீர்தான். எனவே அனுப்பும்போதே சொல்லிவிட வேண்டும். கலர் போட்ட பிறகு இரண்டு மூன்று நாட்கள் தலைக்குக் குளிக்க வேண்டாம். அதன் பிறகு குளிக்கும்போது வெந்நீர் வேண்டாம், கடைசி இரண்டு மக் மட்டும் கேன் தண்ணீராகவோ ஆர்.ஓ. தண்ணீராகவோ இருக்கட்டும். கீலேட்டிங் ஷாம்பு வேண்டுமென்றால் மூன்று நான்கு வாரம் கழித்து, மாதத்துக்கு ஒரு முறை போதும்.

அடுத்த முறை யாராவது 'கலர் நிக்கலையே அக்கா' என்று வந்தால், டியூபைக் குறை சொல்வதற்கு முன் ஒரு மக்கையும் ஸ்டாப்வாட்ச்சையும் எடுத்துக்கொண்டு ஹேர் வாஷ் பேசினுக்குப் போய்ப் பாருங்கள். பதில் பெரும்பாலும் அங்கே இருக்கும்.